ஒருவர் சொன்னதை மட்டும் நம்பிச் செய்தி போடலாமா?

2014 நவம்பர் 19 அன்று அமெரிக்காவின் 'ரோலிங் ஸ்டோன்' இதழ் சுமார் ஒன்பதாயிரம் சொற்கள் கொண்ட ஒரு புலனாய்வுக் கட்டுரையை இணையத்தில் வெளியிட்டது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படித்த மாணவி ஒருவரை, 2012 செப்டம்பரில், 'ஃபை காப்பா சை' என்ற மாணவர் சங்கத்தின் விடுதியில் நடந்த விருந்தின்போது ஏழு பேர் கூட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார்கள் என்பது அதன் மையச் செய்தி. படித்தவர்கள் கொதித்துப்போனார்கள். வளாகத்தில் போராட்டங்கள் நடந்தன, அந்த விடுதியின் மீது கல் விழுந்தது. சங்கங்களின் நிகழ்ச்சிகளைப் பல்கலைக்கழகம் நிறுத்திவைத்தது.

பதினாறே நாளில், டிசம்பர் 5 அன்று, அந்தச் சம்பவத்தைத் தன்னால் இனி உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று இதழ் அறிவித்தது. மறு ஆண்டு மார்ச்சில், கட்டுரையில் வந்தபடி சம்பவம் நடந்ததற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்று உள்ளூர் போலீஸ் சொன்னது. அந்த மாணவிக்கு அன்றிரவு எதுவுமே நடக்கவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை என்பதையும் போலீஸ் தலைவர் சேர்த்தே சொன்னார். எங்கே தவறியது என்று ஆராய்ந்து சொல்லும்படி கொலம்பியா பல்கலைக்கழக இதழியல் கல்லூரியை இதழே கேட்டுக்கொண்டது. 2015 ஏப்ரலில் அந்த அறிக்கை வந்த அன்று, கட்டுரை முழுவதும் திரும்பப் பெறப்பட்டது.

அந்தச் சம்பவம் பற்றிய விவரம் முழுக்க ஒரே ஒருவர் சொன்னதன் மேல் நின்றது. அதை எழுதியவரோ அனுபவம் மிக்க நிருபர் சப்ரினா ரூபின் எர்ட்லி. மாதக்கணக்கில் உழைத்தார், அந்த மாணவியிடம் பல முறை பேசினார். இதழில் ஆசிரியர்களும் இருந்தார்கள், தகவல் சரிபார்க்கத் தனிப் பிரிவும் இருந்தது. இத்தனை இருந்தும் எப்படித் தவறியது என்பதைப் பின்தொடர்ந்தால், ஒற்றைச் சோர்ஸ் செய்தியை எப்போது போடலாம், எப்போது நிறுத்திவைக்க வேண்டும் என்பது ஓரளவு பிடிபடும்.

நம்பிக்கை வேறு, சோதனை வேறு

நிருபர் அந்த மாணவியை நம்பினார். நம்பக் காரணங்களும் இருந்தன. அவரை அறிமுகப்படுத்தியவர், பாலியல் வன்முறை தொடர்பான பணியில் இருந்த ஒரு பல்கலைக்கழக ஊழியர். மாணவி சொன்ன விவரங்கள் கண்முன் நடப்பதுபோல இருந்தன. அவருடைய தோழிகள் சிலரிடமும் நிருபர் பேசினார். அவர்களும் அதே சம்பவத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார்கள்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அந்தத் தோழிகள் யாரும் அன்றிரவு அங்கே இல்லை. மாணவி பிற்பாடு சொல்லித்தான் அவர்களுக்குத் தெரியும். அறிமுகப்படுத்திய ஊழியருக்கும் அப்படித்தான். நாலு பேர் ஒரே விஷயத்தைச் சொல்கிறார்கள் என்று தோன்றும், ஆனால் நாலும் ஒரே வாயிலிருந்து வந்தவை. செய்தி அறையில் "ரெண்டு சோர்ஸ் இருக்கு சார்" என்று நிருபர் சொன்னால், செய்தி ஆசிரியர் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, "ரெண்டாவது ஆளுக்கு எப்படித் தெரியும்?" என்பது. அவர் நேரில் பார்த்தாரா, தாளைப் படித்தாரா, அல்லது முதல் ஆளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டாரா? கடைசிப் பதில் வந்தால் சோர்ஸ் இன்னும் ஒன்றுதான்.

அதேபோல, விவரம் துல்லியமாக இருப்பது உண்மைக்கு அத்தாட்சி ஆகாது. ஆனால் துல்லியமான விவரத்தால் வேறொரு பயன் உண்டு. ஒரு தேதி, ஒரு இடம், ஒரு ஆளின் வேலை என்று ஒவ்வொரு விவரமும் உலகத்தில் எங்கோ ஒரு தடத்தை விட்டிருக்க வேண்டும். அந்தத் தடத்தைத் தேடிப் போகலாம். ஒருவர் சொன்னதை இரண்டாம் முறை அவரிடமே கேட்பதைவிட இது பல மடங்கு பயன் தரும்.

திறக்கப்படாத மூன்று கதவுகள்

கொலம்பியா அறிக்கை, போயிருக்கக்கூடிய மூன்று வழிகளைச் சுட்டிக்காட்டியது. மூன்றில் ஒன்றில் போயிருந்தாலும் கட்டுரை அந்த வடிவத்தில் வந்திருக்காது.

முதலாவது, மூன்று நண்பர்கள். சம்பவம் முடிந்த உடனே மாணவி தன் நண்பர்கள் மூவரை வரவழைத்ததாகவும், தங்கள் பெயர் கெட்டுவிடும் என்று அஞ்சி அவர்கள் மருத்துவமனைக்குப் போகவிடாமல் தடுத்ததாகவும் கட்டுரை சொன்னது. இந்த மூவரில் ஒருவரிடமும் நிருபர் பேசவில்லை. ஒரு நண்பர் பேச மறுத்துவிட்டார் என்று மாணவி வந்து சொன்னார், அந்த மறுப்பும் கட்டுரையில் ஏறிவிட்டது. அந்த நண்பரை நீங்களே தொடர்புகொள்ள வேண்டாம் என்று மாணவி ஒருபோதும் கேட்டுக்கொள்ளவில்லை. நிருபர் தன் முதல் வரைவில், இந்தப் பகுதி முழுக்க மாணவியின் பார்வையில் சொல்லப்பட்டது என்று அடைப்புக்குறிக்குள் ஆசிரியர்களுக்குக் குறிப்பு எழுதியிருந்தார். அச்சான கட்டுரையில் வாசகருக்கு அந்தக் குறிப்பு கிடைக்கவில்லை.

கட்டுரை வந்த பிறகு 'வாஷிங்டன் போஸ்ட்' நிருபர் அந்த மூவரையும் தேடிப் பேசினார். அன்றிரவு மாணவி தங்களிடம் சொன்னது கட்டுரையில் வந்ததிலிருந்து வேறானது என்றார்கள். போலீசிடம் போகலாம் என்று தாங்கள்தான் சொன்னதாகவும் தெரிவித்தார்கள். அன்று மாணவி யாருடன் வெளியே போவதாகச் சொல்லியிருந்தாரோ அந்தப் பெயரில் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவரே இல்லை. அந்த ஆள் என்று அவர்களுக்கு வந்திருந்த புகைப்படம், மாணவியோடு முன்பு பள்ளியில் படித்த வேறொருவருடையது. ஒரே நாள் தொலைபேசியில் தெரிந்திருக்கக்கூடிய விஷயங்கள் இவை.

இரண்டாவது கதவு, குற்றம் சாட்டப்பட்ட சங்கம். நிருபர் அவர்களைத் தொடர்புகொள்ளாமல் இல்லை. உங்கள் சங்கத்தின் மேல் கூட்டு வன்முறைக் குற்றச்சாட்டு வந்திருக்கிறது, அதைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்ற அளவில் கேட்டார். எந்தத் தேதி, என்ன விருந்து, சம்பந்தப்பட்டவர் எங்கே வேலை பார்த்தார் என்ற விவரங்கள் கேள்வியில் இல்லை. இப்படிக் கேட்டால், "அப்படி எதுவும் எங்களுக்குத் தெரியாது" என்ற பொது மறுப்புத்தான் வரும். எதிர்த்தரப்பிடம் கருத்துக் கேட்டாயிற்று என்று கணக்குக்கு எழுதிக்கொள்ளலாமே தவிர, செய்தி துளியும் சோதிக்கப்படவில்லை. தேதியைச் சொல்லிக் கேட்டிருந்தால், அந்த வார இறுதியில் விடுதியில் விருந்தே நடக்கவில்லை என்று அவர்கள் பதிவுகளோடு சொல்லியிருப்பார்கள். பிறகு சொன்னதும் அதைத்தான்.

மூன்றாவது கதவு, மாணவியை அழைத்துப் போனதாகச் சொல்லப்பட்ட இளைஞர். அவர் பல்கலைக்கழக நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளராக வேலை பார்த்தவர் என்று கட்டுரை சொன்னது. தேடுவதற்கு இதைவிட நல்ல தடம் கிடைக்காது. குளத்தின் ஊழியர் பட்டியல், சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் இரண்டையும் ஒப்பிட்டால் போதும். மாணவி அந்தப் பெயரைச் சொல்ல அஞ்சினார். வற்புறுத்தினால் பேசுவதையே நிறுத்திவிடுவாரோ என்று இதழ் தயங்கியது. முடிவில், அந்த ஆளைக் கண்டுபிடிக்காமலே புனைபெயர் கொடுத்து வெளியிட்டார்கள். கட்டுரை வந்த பிறகு மாணவி ஒரு பெயரைச் சொன்னார். அதைச் சரிபார்க்கப் போனபோதுதான் நிருபருக்கு முதல் கலக்கம் ஏற்பட்டது.

கடைசிக் கட்டத்தை யோசித்துப் பாருங்கள். வெளியிட்ட பிறகு செய்த ஒரு சோதனை கட்டுரையையே ஆட்டிவைத்தது. அதே சோதனையை முன்பே செய்திருக்கலாம். "எந்த ஒரு தகவல் பொய்யானால் இந்தச் செய்தி மொத்தமும் விழும்?" என்பதை முதலில் கேட்டு, அந்தத் தகவலை முதலில் சோதிக்க வேண்டும். பெரும்பாலும் நாம் நேர்மாறாகச் செய்கிறோம். பெயர் எழுத்துப் பிழை, கல்லூரி தொடங்கிய ஆண்டு, கட்டடம் இருக்கும் தெரு என்று எளிதானவற்றை எல்லாம் சரிபார்த்துவிட்டு, கடினமானதை சோர்ஸின் நம்பகத்தன்மையிடம் விட்டுவிடுகிறோம்.

பாதிக்கப்பட்டவர் பேசும் செய்திகளில் இது இன்னும் கவனம் கேட்கும் வேலை. பெரும் அதிர்ச்சிக்கு ஆளானவரின் நினைவில் நேரமும் வரிசையும் மாறிப்போவது இயல்பு, அதை வைத்து அவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டக் கூடாது. அதனாலேயே சரிபார்ப்பு அவருக்கும் பாதுகாப்பு ஆகிறது. "நீங்கள் சொல்வதை நாளைக்கு எதிர்த்தரப்பு உடைக்கப் பார்க்கும். அதற்கு முன்னால் நாமே எல்லாவற்றையும் உறுதிசெய்துகொள்வோம். அதற்கு நான் இன்னின்னாரிடம் பேச வேண்டியிருக்கும்" என்று முதல் சந்திப்பிலேயே பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும். பெயரை மறைத்து வெளியிடுவதால் சரிபார்க்கும் கடமை குறைவதில்லை. நம் நாட்டில் பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடச் சட்டமே தடை விதிக்கிறது. வாசகர் தாமாகச் சரிபார்க்க வழியில்லாத அந்த இடத்தில் நிருபரின் பொறுப்பு இரட்டிப்பாகிறது.

மறுக்காதது ஒப்புக்கொண்டதாகுமா?

2005 மே மாதம் 'நியூஸ்வீக்' இதழ் ஒரு சிறு செய்தி போட்டது. குவாண்டனாமோ சிறையில் விசாரணையாளர்கள் குர்ஆன் பிரதியைக் கழிப்பறையில் போட்டு அவமதித்தார்கள் என்பது வரவிருக்கும் ஒரு ராணுவ அறிக்கையில் இடம்பெறும் என்பது செய்தி. சொன்னவர் பெயர் வெளியிடப்படாத ஒரே ஓர் அரசு அதிகாரி. முன்பு சரியான தகவல் தந்தவர்.

இதழ் அதோடு நிறுத்தவில்லை. பாதுகாப்புத் துறையைச் சேர்ந்த இருவரிடம் போனது. ஒருவர் கருத்துச் சொல்ல மறுத்தார். இன்னொருவர் அந்தச் செய்தியில் வேறொரு விஷயம் தவறு என்று சுட்டிக்காட்டினார், குர்ஆன் பற்றி எதுவும் சொல்லவில்லை. தவறாக இருந்தால் சொல்லியிருப்பாரே என்று இதழ் எடுத்துக்கொண்டது. செய்தியைத் தொடர்ந்து ஆப்கானிஸ்தானில் கலவரம் மூண்டு பதினைந்து பேராவது இறந்தார்கள். பிறகு மீண்டும் கேட்டபோது, அதை அந்தக் குறிப்பிட்ட அறிக்கையில்தான் பார்த்தேனா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றார் அந்த அதிகாரி. மே 16 அன்று இதழ் செய்தியைத் திரும்பப் பெற்றது.

மௌனம் சம்மதம் என்பது செய்திக்குப் பொருந்தாது. மறுக்காதவருக்கு அந்த விஷயமே தெரியாமல் இருந்திருக்கலாம், பேச அனுமதி இல்லாமல் இருந்திருக்கலாம், அந்த வரியைக் கவனிக்காமலும் விட்டிருக்கலாம். அதனால் எதிரில் இருப்பவரிடம், "இது உங்களுக்கு நேரடியாகத் தெரியுமா? தெரியுமென்றால் சரியா, தவறா?" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால், உறுதி கிடைக்கவில்லை என்றுதான் கணக்கில் வைக்க வேண்டும். முன்பு சரியாகச் சொன்னவர் என்ற பெயரும் இன்றைய தகவலுக்கு உத்தரவாதம் ஆகாது. அவர் பொய் சொல்லவில்லை. எதை எங்கே படித்தார் என்பதில்தான் குழம்பினார். "அந்தத் தாளை நீங்களே படித்தீர்களா, எப்போது, கையில் இருக்கிறதா?" என்ற கேள்வி அந்தக் குழப்பத்தைக் கண்டுபிடித்திருக்கும்.

சோர்ஸ் ஒருவர், சான்று பல

ஒருவரை மட்டுமே நம்பி வந்த செய்தி எல்லாமே சரிந்துவிடும் என்பதும் இல்லை. போஃபர்ஸ் பீரங்கி பேர விவகாரத்தில் 'தி இந்து' நாளிதழ் 1988 முதல் வெளியிட்ட ஆவணங்கள் இதற்குச் சான்று. ஜெனீவாவில் இருந்த சித்ரா சுப்ரமணியமும் சென்னையில் என்.ராமும் சேர்ந்து கொண்டுவந்த அந்தச் செய்திகளுக்குப் பின்னால், ஸ்வீடனில் விசாரணையை நடத்திய போலீஸ் அதிகாரி ஸ்டென் லிண்ட்ஸ்ட்ரோம் இருந்தார். அது அவர்தான் என்பது சுமார் 25 ஆண்டுகள் கழித்து, 2012-ல் அவரே சொன்ன பிறகுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. அவர் தந்தது 350-க்கும் மேற்பட்ட ஆவணங்கள். பணப் பரிமாற்றத் தாள்கள், ஒப்பந்தங்கள், போஃபர்ஸ் தலைவர் மார்ட்டின் அர்ட்போவின் நாட்குறிப்புப் பதிவுகள் ஆகியவை அவற்றில் இருந்தன.

இங்கே வாசகர் அந்த அதிகாரியை நம்ப வேண்டியிருக்கவில்லை. தாள்களின் படங்களையே நாளிதழ் அச்சிட்டது. பெயரில்லாத மனிதரின் சொல்லிலிருந்து செய்தியின் பாரம் யாரும் பார்க்கக்கூடிய ஆவணத்துக்கு மாறிவிட்டது. ஆனால் ஆவணத்துக்கும் ஓர் எல்லை உண்டு. பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் போனதைத் தாள் காட்டும். அது கடைசியில் யார் கைக்குப் போனது என்பதைப் பல நேரம் காட்டாது. ராஜீவ் காந்தி லஞ்சம் வாங்கியதற்கு ஆதாரம் இல்லை என்று லிண்ட்ஸ்ட்ரோமே 2012-ல் தெளிவாகச் சொன்னார். தாள் எதுவரை சொல்கிறதோ அதுவரைதான் செய்தியும் சொல்ல வேண்டும்.

ஒரு செய்தியைப் பிரித்துப் பார்ப்போம்

உள்ளூர் நிருபர் ஒருவரிடம் நகராட்சி ஊழியர் ஒருவர் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "பஸ் ஸ்டாண்டுல கழிப்பறை கட்டுற வேலையை டெண்டர் விடாமலே சேர்மனோட மச்சானுக்குக் கொடுத்துட்டாங்க சார். வேலை பாதிகூட முடியலை, முழு பில்லும் பாஸ் ஆயிடுச்சு. சேர்மனுக்குப் பத்து சதவீதம் போயிருக்கு."

கேட்க ஒரே செய்தி போல இருக்கும். உள்ளே ஐந்து தனித்தனித் தகவல்கள் உண்டு. டெண்டர் விடவில்லை என்பதை அரசின் டெண்டர் தளத்திலும் நகர்மன்றத் தீர்மானத்திலும் பார்க்கலாம். மச்சான் உறவு உண்மையா என்பதை ஊரில் விசாரித்து, ஒப்பந்ததாரரிடமே கேட்டு உறுதிசெய்யலாம். வேலை முடியவில்லை என்பதை நேரில் போய்ப் படமெடுத்துக்கொள்ளலாம். பில் பாஸ் ஆனதற்கு வேலையை அளந்து எழுதும் எம்.புக்கிலும் கணக்குப் பிரிவிலும் தடம் இருக்கும். சோர்ஸால் நகல் தர முடியாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு என்பதால் அவசரச் செய்திக்கு இது உதவாது, பொறுத்துச் செய்யும் செய்திக்கு உதவும்.

ஐந்தாவதாக மிஞ்சுவது பத்து சதவீதம். பணம் கைமாறியதை அந்த ஊழியர் பார்த்தாரா? "இல்ல சார், ஆபீஸ்ல எல்லாரும் பேசிக்கிறாங்க" என்றால், அந்த வரி செய்தியில் வரக் கூடாது. "குற்றம் சாட்டப்படுகிறது", "கூறப்படுகிறது" என்று வால் சேர்த்துப் போட்டாலும் சோதிக்காத வரி சோதிக்காத வரிதான். முதல் நான்கும் உறுதியானால் அவற்றை மட்டும் போடலாம். வலுவான செய்தி அது. தலைப்பில் நிற்க ஆசைப்பட்டது ஐந்தாவது வரி என்றால், அதற்கு இன்னும் உழைக்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும்.

அடுத்து சேர்மனிடம் கேள்விகள் போக வேண்டும். வேலையின் பெயர், பில் தொகை, தேதி எல்லாம் எழுதி, பதில் சொல்ல நியாயமான நேரமும் கொடுக்க வேண்டும். இங்கே ஒரு கவனம் தேவை. ஒரு விவரம் அந்த ஊழியர் ஒருவருக்கு மட்டுமே தெரிந்ததாக இருந்தால், கேள்வியில் அதைச் சேர்ப்பது அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். அப்படிப்பட்ட விவரத்தை வேறு தடத்தின் வழியாக உறுதிசெய்துகொண்ட பிறகே கேள்வியாக்க வேண்டும். பதவி உயர்வு கிடைக்காத கோபத்தில்தான் அந்த ஊழியர் பேசுகிறார் என்று தெரிய வந்தாலும் செய்தியைக் கைவிட வேண்டியதில்லை. கோபம் உள்ளவர் எந்த இடத்தில் மிகைப்படுத்துவார் என்று யோசித்து, அந்த இடத்தை இன்னொரு முறை சோதித்தால் போதும்.

தன் பெயரோடு தன் சொந்த அனுபவத்தைச் சொல்பவர், அதில் வேறு யார் மேலும் பழி இல்லை என்றால், ஒருவர் சொன்னதே போதும். வேறொருவரின் பெயரையோ வாழ்க்கையையோ பாதிக்கும் தகவல் வரும் இடத்தில்தான் மேலே சொன்ன சோதனைகள் எல்லாம் கட்டாயமாகின்றன.

எல்லாம் முடிந்தும் ஒரு பகுதி ஒருவர் சொன்னதாகவே நின்றால், அதை வாசகரிடம் மறைக்கக் கூடாது. "இந்தப் பகுதி அவர் சொன்னது. மற்ற இருவரைத் தொடர்புகொண்டோம், பதில் கிடைக்கவில்லை" என்று செய்தியிலேயே எழுத வேண்டும். அப்படி எழுத முடியாத அளவுக்கு அந்த வரி செய்தியைப் பலவீனமாக்குகிறது என்று தோன்றினால், செய்தி இன்னும் தயாராகவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். ரோலிங் ஸ்டோன் நிருபர் தன் வரைவில் எழுதிய அந்த அடைப்புக்குறிக் குறிப்பை அச்சில் விட்டிருந்தால், நண்பர்களிடம் யாரும் பேசவில்லை என்பது முதல் வாசகருக்கே தெரிந்திருக்கும். அதற்கு முன்பே, அப்படி ஒரு கட்டுரையை வெளியிட ஆசிரியர்கள் துணிந்திருக்க மாட்டார்கள்.

அந்தக் கட்டுரையால் பல்கலைக்கழக அதிகாரி ஒருவர் அவதூறுக்கு ஆளானார் என்று 2016-ல் ஜூரி தீர்ப்பளித்து 30 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. சங்கத்துடனான வழக்கு 2017-ல் 16.5 லட்சம் டாலருக்குச் சமரசமானது. பணத்தால் ஈடுகட்ட முடியாத இன்னொரு நஷ்டமும் உண்டு. உண்மையாகவே வன்முறைக்கு ஆளாகி, துணிந்து வாய் திறக்கும் அடுத்த பெண்ணிடம், "அந்தக் கட்டுரை மாதிரிதானே இதுவும்?" என்று கேட்பவர்களுக்கு அது ஓர் ஆயுதமாகிவிட்டது. நம்மை நம்பிப் பேச வந்த ஒருவருக்கு நாம் செய்யக்கூடிய நியாயம், அவர் சொன்னதை யாரும் உடைக்க முடியாதபடி உறுதிசெய்துகொண்டு அச்சுக்கு அனுப்புவது.